ஹாய்ஸ்டில் தொங்கும் வயர் ரோப்பின் எடை: விட்டத்தையும் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போடும் முறை

140 மீட்டர் ஆழமுள்ள ஒரு தண்டுக்குழி. மேலே ஹாய்ஸ்ட், அதிலிருந்து 16 மி.மீ. வயர் ரோப் கப்பி ஒன்றின் மேலேறி நேராகக் கீழே இறங்குகிறது. அதன் நுனியில் கொக்கியும் 40 கிலோ இரும்புக் குண்டும். கப்பியின் அச்சில் ரோப்பின் இழுவிசையைக் காட்டும் லோட் செல் இருந்தது. கொக்கி அடியில் வெறுமனே தொங்கும்போது திரையில் 187 கிலோ. அதைப் பிழை என்று நினைத்த ஆபரேட்டர் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிவிட்டார். அப்புறம் 1,500 கிலோ கல் நிரம்பிய வாளியைத் தூக்க ஆரம்பித்தார். அடியில் 1,500 என்று சரியாகவே காட்டிய திரை, வாளி ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, மேலே வரும்போது 1,355 அளவில் நின்றது. வாளியின் அடிக்கதவு கசிகிறதோ என்று வேலையை நிறுத்தி அரை மணி நேரம் தேடினோம். ஒரு கல்கூட விழவில்லை. குறைந்தது ரோப்பின் எடை. டிரம்மில் சுற்றிக்கொண்ட ரோப் தொங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த 187-இல் 40 கிலோ குண்டு, மீதி 147 கிலோ ரோப். இந்த 147-ஐ விட்டத்தையும் நீளத்தையும் மட்டும் வைத்து எப்படிப் பிடிப்பது, பிடித்ததை எங்கே கழிப்பது என்று இதே குழியை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: விட்டத்தைச் சரியாக அளப்பது

ரோப்பின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் அளவில் 5 சதவீதம் தப்பினால் எடையில் 10 சதவீதம் தப்பும். இந்தக் கணக்கில் பிழை நுழையும் பெரிய வாசல் இதுதான்.

ஆறு புரி ரோப்பை வெட்டி முகத்தைப் பார்த்தால் நடுவில் கோர், அதைச் சுற்றி ஆறு வட்டங்கள் பூ மாதிரி இருக்கும். வெர்னியரை இரண்டு விதமாக வைக்கலாம். எதிரெதிரான இரண்டு புரிகளின் முதுகுகள் தாடைகளைத் தொடும்படி வைத்தால் கிடைப்பது உண்மையான விட்டம். தாடை தட்டையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு புரிகளைத் தொட்டால் கிடைப்பது அதைவிடக் குறைவு. கையில் வெர்னியர் இந்த இரண்டாவது நிலையில்தான் ஆடாமல் நிற்கும். அதனாலேயே பலர் அதை நம்பிவிடுகிறார்கள். 16 மி.மீ. ரோப்பில் அது சுமார் 14.6 மி.மீ. காட்டும். அதை வர்க்கம் செய்து கணக்குப் போட்டால் எடை 17 சதவீதம் குறைந்து வரும். நம் குழியில் அது 25 கிலோ.

சரியான வழி: வெர்னியரை ரோப்பின் மேல் மெல்லத் திருப்புங்கள். வரும் அளவுகளில் பெரியதுதான் விட்டம். அதே இடத்தில் செங்குத்துத் திசையில் இன்னொரு முறை, பிறகு ஒரு மீட்டராவது தள்ளி இரண்டு முறை அளந்து, நான்கின் சராசரியை எடுங்கள். தாடை அகலமாக இருக்கும் வெர்னியர் நல்லது. குறுகிய தாடை புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கிவிடும்.

அளந்தது 16.4 வருகிறதே என்று பதற வேண்டாம். புதிய ரோப் பெயரளவு விட்டத்தைவிடச் சில சதவீதம் பருமனாக இருப்பது வழக்கம். வேலை செய்து இழுபட்டால் மெலியும். எடைக் கணக்கில் போட வேண்டியது பெயரளவு விட்டம், அதாவது 16. கீழே வரும் எண்கள் அதற்கென்று வகுக்கப்பட்டவை. எந்த அளவு ரோப் என்று அடையாளம் காணவே அளக்கிறோம். தேய்ந்துபோன ரோப்புக்கும் பெயரளவையே போடுங்கள். தேய்ந்து குறைந்த எடையைப் பாதுகாப்புக் கணக்கில் லாபமாக எழுதக் கூடாது. ஊறிய கிரீஸும் சேறும் அதை எப்படியும் ஈடுகட்டிவிடும்.

இரண்டாம் படி: ஒரு மீட்டரின் எடை

கட்டுமானக் கம்பியின் எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுப்பது பலருக்கும் தெரியும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. அதையே ரோப்புக்கும் போட்டால் தப்பு. ரோப்பின் வட்டத்துக்குள் எல்லாமே இரும்பு இல்லை. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. எஃகுக் கோர் உள்ள 6×36 வகை ரோப்பில், அதாவது ஆறு புரியும் புரிக்கு 36 அளவில் கம்பியும் உள்ள ரோப்பில், வட்டப் பரப்பில் சுமார் 58 சதவீதம்தான் உலோகம். ஆனால் 1.58-இன் 58 சதவீதமும் விடை இல்லை. ஒவ்வொரு கம்பியும் நேராக ஓடாமல் புரிக்குள் சுற்றி, புரி கோரைச் சுற்றி, இரட்டை முறுக்காக ஓடுகிறது. ஒரு மீட்டர் ரோப்புக்குள் இருக்கும் கம்பி ஒரு மீட்டரைவிட நீளம். அதோடு கிரீஸும் சேர்கிறது. எல்லாம் சேர்த்து, இந்த வகைக்கு ஐரோப்பியத் தரமான EN 12385-4 தரும் சூத்திரம் இது:

```
w = 0.00409 × d²
w : ஒரு மீட்டர் ரோப்பின் எடை, கிலோவில்
d : பெயரளவு விட்டம், மி.மீ.-இல்
```

நம் ரோப்புக்கு 16 × 16 = 256. அதை 0.00409-ஆல் பெருக்கினால் 1.047. மீட்டருக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். மனதில் வைத்துக்கொள்ள, 162-க்குப் பதில் 245-ஆல் வகுங்கள். அதே விடைதான் வரும்.

ரோப்பின் உள்ளமைப்பு மாறினால் இந்த எண்ணும் மாறும். நடுவில் எஃகுக்குப் பதில் நார் இருந்தால் அதே 6×36 ரோப்புக்கு 0.00367. சுழலாத ரகமான 35×7 ரோப்பில் கம்பிகள் நெருங்கி அடைந்திருப்பதால் 0.00454. மூன்றையும் 16 மி.மீ.-இல் வைத்துப் பார்த்தால் மீட்டருக்கு 0.94, 1.05, 1.16 கிலோ. வெளியிலிருந்து பார்க்கும்போது விட்டம் ஒன்றுதான். தொங்கும்போது 140 மீட்டரில் இலேசானதுக்கும் கனமானதுக்கும் 31 கிலோ வித்தியாசம். ஒற்றை ரோப்பில் ஆழமாகத் தூக்கும் இடங்களில் சுமை சுழலாமல் இருக்க 35×7 போடுவது சாதாரணம் என்பதால், அங்கே இந்த எண்ணைக் கட்டாயம் மாற்றிப் போட வேண்டும். கோர் என்ன என்று தெரியவில்லையா? ரோப்பின் வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் கம்பிகள் பளபளத்தால் எஃகு, மங்கலாக நார் பிசிறி நின்றால் நார்க் கோர்.

தயாரிப்பாளரின் அட்டவணை கையில் இருந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு அதையே எடுங்கள். அதில் எடை 100 மீட்டருக்கு எத்தனை கிலோ என்றும் போடுவார்கள், ஒரு மீட்டருக்கு என்றும் போடுவார்கள். தலைப்பைப் பார்க்காமல் எடுத்தால் நூறு மடங்கு தப்பும். 16 மி.மீ. எஃகு ரோப் மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம் என்பது மனதில் இருந்தால் அந்தத் தப்பு உடனே கண்ணில் படும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் நிறுத்துப் பார்ப்பதே மேல். மீந்த துண்டு ஒன்றில் வெட்டப்போகும் இடத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, சரியாக ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள். கட்டாமல் வெட்டினால் புரிகள் பிரிந்துவிடும், நீளமும் நம்பும்படி இருக்காது. நாங்கள் அன்று வெட்டிய துண்டு கட்டுக்கம்பியைக் கழித்தபின் 1.06 கிலோ இருந்தது. புது ரோப், கிரீஸ் கையில் ஒட்டியது. சூத்திரத்திலிருந்து ஒரு சதவீதம் விலகல். இதற்கு மேல் நெருக்கம் தேவையே இல்லை.

மூன்றாம் படி: எந்த நீளம் தொங்குகிறது

ரோப்பின் மொத்த நீளம் இந்தக் கணக்குக்கு வேண்டாம். கப்பியை விட்டுக் கீழிறங்கும் இடத்திலிருந்து கொக்கி வரை உள்ள செங்குத்து உயரம்தான் வேண்டும். குழியின் ஆழத்தோடு, குழி வாயிலிருந்து கப்பி வரை உள்ள உயரத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். நான் சொல்லும் 140 அதையும் சேர்த்ததுதான்.

```
தொங்கும் ரோப்பின் எடை = 1.047 × 140 = 146.6 கிலோ
```

விசையாக வேண்டுமானால் 9.81-ஆல் பெருக்குங்கள். சுமார் 1,438 நியூட்டன், அதாவது 1.44 கிலோநியூட்டன்.

இந்த எடை ரோப் முழுவதும் ஒரே மாதிரி தெரியாது. கொக்கியின் அருகே ரோப் தன் எடையைச் சுமப்பதில்லை. மேலே போகப்போக, கீழே உள்ள ஒவ்வொரு மீட்டரும் சேர்ந்துகொண்டே வந்து, கப்பி அருகில் முழு 147 கிலோவும் விழுகிறது. எனவே இழுவிசை மிக அதிகமான இடம் எப்போதும் ரோப்பின் உச்சிதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரோப்பில் உள்ள இழுவிசை வேறு, ஹாய்ஸ்டைத் தாங்கும் பீமின் மேல் உள்ள பாரம் வேறு. டிரம்மில் சுற்றிய ரோப் இழுவிசையில் வராது. ஆனால் பீமுக்கு அது எப்போதும் பாரம்தான். ரோப் தொங்கினாலும் சுற்றியிருந்தாலும் பீம் சுமப்பது ஒன்றே. ஆகவே பீமைச் சரிபார்ப்பவர் டிரம்மில் இருப்பது உட்பட முழு ரோப்பையும் எடுக்க வேண்டும். மோட்டாரையும் ரோப்பையும் சரிபார்ப்பவர் தொங்குவதை மட்டும் எடுக்க வேண்டும்.

நான்கு மடிப்பாக ரோப் ஓடும் ஹாய்ஸ்ட் என்றால்? தொங்கும் மொத்த எடை நான்கு மடங்கு. ஆனால் டிரம்முக்குப் போகும் ரோப்பில் சேர்வது ஒரு மடிப்பின் எடை மட்டுமே. சுமையும் கொக்கிக் கட்டையும் நான்காகப் பிரியும், அதோடு ஒரு மடிப்பு உயரத்துக்கான ரோப் எடை சேரும். மடிப்பு ஹாய்ஸ்ட்கள் பெரும்பாலும் உயரம் குறைந்த இடத்தில் ஓடுவதால் அங்கே இது பெரிதாகத் தெரிவதில்லை. 10 மீட்டர் உயரத்தில் ஒரு மடிப்புக்கு 10 கிலோதான்.

நான்காம் படி: எங்கே கழிப்பது

நம் ஹாய்ஸ்டின் தகட்டில் 2,000 கிலோ என்று போட்டிருந்தது. அடியிலிருந்து தூக்கும்போது அதில் ரோப் 147, குண்டு 40. மீதி 1,813 கிலோ. வாளியின் சொந்த எடையும் இதற்குள்தான் வர வேண்டும். கணக்கு இதோடு முடிந்துவிட்டது என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த 2,000 டிரம்மின் எந்த அடுக்குக்குச் சொன்னது? டிரம்மின் விட்டம் 300 மி.மீ. அதன் அகலத்தில் ஒரு அடுக்குக்கு 30 சுற்று. வாளி அடியில் இருக்கும்போது டிரம்மில் பாதுகாப்புக்கு விட்ட மூன்று சுற்று மட்டும், முதல் அடுக்கில் இருக்கிறது. ரோப் நடு வரை எடுத்தால் சுற்றின் விட்டம் 316 மி.மீ. 140 மீட்டரையும் சுற்றி முடிக்கும்போது ரோப் ஐந்தாம் அடுக்கில் ஏறியிருக்கும், அங்கே விட்டம் சுமார் 427 மி.மீ. மோட்டாரின் முறுக்குவிசை மாறவில்லை, ஆனால் நெம்பும் தூரம் கூடிவிட்டது. அதனால் இழுக்கும் பலம் 316-க்கு 427 என்ற விகிதத்தில், அதாவது 74 சதவீதமாகக் குறைகிறது. 2,000 முதல் அடுக்குக்கான எண் என்றால் மேலே வரும்போது 1,480-தான் மிச்சம். அங்கே ரோப்பின் எடை ஏறக்குறைய இல்லை, குண்டை மட்டும் கழிக்க வேண்டும். 1,440.

ரோப் எடையைக் கழித்து அடியில் 1,813 என்று மகிழ்ந்து, அதே சுமையை ஏற்றினால் வாளி வழியிலேயே நின்றுவிடும். ரோப் குறைந்துகொண்டே வருவது உதவிதான், ஆனால் டிரம் பருத்துக்கொண்டே வருவது அந்த உதவியைத் தின்றுவிடுகிறது. இரண்டு முனையிலும் கணக்குப் போட்டு, குறைந்த எண்ணை எடுங்கள். எங்கள் ஹாய்ஸ்டின் கையேட்டில் 2,000 கடைசி அடுக்குக்கு என்று தெளிவாக இருந்தது. அதனால் மேலே 1,960, அடியில் 1,813. அடியிலுள்ளதே எங்களைக் கட்டுப்படுத்தியது. முதல் அடுக்கில் மோட்டாருக்கு 2,000-க்கும் மேல் இழுக்க வலு இருந்தாலும், பிரேக்குக்கும் சட்டத்துக்கும் உள்ள எல்லை தகட்டில் இருப்பதே என்று எடுத்துக்கொண்டோம்.

ரோப்பே தாங்குமா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம். 1770 தர எஃகில் இந்த 16 மி.மீ. 6×36 ரோப்பின் குறைந்தபட்ச முறிவு விசை 161 கிலோநியூட்டன். பாதுகாப்பு எண் 5 என்றால் 32 கிலோநியூட்டன், ஏறத்தாழ 3,280 கிலோ. நாம் போடுவது 2,000. ரோப் நிம்மதியாக இருக்கிறது. ஆட்களை ஏற்றி இறக்கும் ஹாய்ஸ்டுக்கு இந்த 5 போதாது, அதற்குரிய விதி சொல்லும் பெரிய எண்ணைப் போட வேண்டும்.

தடித்த ரோப் போட்டால் என்ன

“எதற்கும் இருக்கட்டும், 22 மி.மீ. போட்டுவிடலாமே” என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். எண்களைப் போட்டுக் காட்டினேன். 22-இன் வர்க்கம் 484, மீட்டருக்கு 1.98 கிலோ, 140 மீட்டருக்கு 277 கிலோ. அதே ஹாய்ஸ்டில் அடியிலிருந்து தூக்கக்கூடியது 1,813-இலிருந்து 1,683 ஆகிவிடும். ரோப்பின் வலு கூடுகிறது, ஆனால் அந்த வலு நமக்குத் தேவைப்படவில்லை. எல்லையைப் போடுவது ஹாய்ஸ்ட். போதாக்குறைக்கு, தடித்த ரோப்புக்குப் பெரிய கப்பியும் டிரம்மும் வேண்டும். சிறிய டிரம்மில் அதை மடக்கினால் கம்பிகள் சீக்கிரம் களைத்து முறியும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. ஒரு ரோப்பைச் சுமையே இல்லாமல் தொங்கவிட்டால், எவ்வளவு நீளத்தில் தன் எடையாலேயே அறுந்துபோகும்? 161 கிலோநியூட்டனை மீட்டருக்கு 10.27 நியூட்டனால் வகுத்தால் சுமார் 15,700 மீட்டர். 22 மி.மீ. ரோப்புக்குப் போட்டாலும் அதே 15,700. வலுவும் விட்டத்தின் வர்க்கம், எடையும் விட்டத்தின் வர்க்கம், வகுக்கும்போது விட்டம் அடிபட்டுப் போகிறது. பாதுகாப்பு எண் 5 வைத்தால் 3,100 மீட்டரில் ரோப் தன்னைச் சுமப்பதற்கு மட்டுமே சரியாக இருக்கும், கொக்கியில் ஒன்றும் மாட்ட முடியாது. ஆழமான சுரங்கங்களில் ரோப்பைத் தடிமனாக்கி இதைத் தாண்ட முடியாததற்குக் காரணம் இதுதான். 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் முதல் வயர் ரோப்பை ஓடவிட்டபோது அதில் மூன்று புரி, புரிக்கு நான்கு கம்பி. அதற்கு முன் அங்கே தொங்கியவை சங்கிலியும் சணல் கயிறும். அதே வலுவுக்குச் சங்கிலி எவ்வளவு கனமானது என்று ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை புரியும்.

கொக்கி இறங்க மறுக்கும்போது

கடைசியாக, ரோப்பின் எடை எதிர்ப்பக்கம் வேலை செய்யும் ஒரு நிலை. ஹாய்ஸ்ட் தரையில் இருக்கிறது, ரோப் 60 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறிக் கப்பியைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறது. இப்போது ஹாய்ஸ்ட் பக்கத்திலும் 60 மீட்டர் ரோப் தொங்குகிறது. 1.047 × 60, ஏறத்தாழ 63 கிலோ. ரோப் சாய்வாக ஓடி அதன் நீளம் 80 மீட்டராக இருந்தாலும் இழுவிசையில் கணக்கு 60-க்குத்தான், ஏனென்றால் ரோப்பின் இரண்டு இடங்களுக்கு நடுவே இழுவிசை மாறுவது அவற்றின் உயர வித்தியாசத்தைப் பொறுத்தது.

கொக்கி உச்சியில் இருக்கும்போது அந்தப் பக்கம் வெறும் 40 கிலோ குண்டு. ஆபரேட்டர் இறக்கும் பொத்தானை அழுத்துகிறார், டிரம் சுற்றுகிறது, கொக்கி அசையவில்லை. 63 கிலோ ரோப் 40 கிலோ குண்டை மேலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. விடப்பட்ட ரோப் டிரம்மில் தளர்ந்து வளையம் வளையமாகக் கிளம்பும். கவனிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்ளும், அல்லது கொக்கியின் பக்கம் யாராவது கொஞ்சம் சுமை மாட்டியதும் தளர்ந்த ரோப் முழுவதும் ஒரே உதறலில் ஓடும். டிரம்மில் ரோப் தளர்வதைக் கண்டால் உடனே நிறுத்தி, மெதுவாகச் சுற்றி இறுக்க வேண்டும்.

தீர்வு குண்டின் எடையில் இருக்கிறது. ஹாய்ஸ்ட் பக்கத்து உயரத்தை மீட்டர் எடையால் பெருக்கி, கப்பியின் உராய்வுக்கும் டிரம்மில் ரோப் இறுக்கமாக நிற்பதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபுரத்துக்கு நான் 85 கிலோ குண்டு போடுவேன். கொக்கி சில மீட்டர் இறங்கிவிட்டால் அந்தப் பக்கத்து ரோப்பின் எடையும் சேர்ந்து இழுக்கும், பிறகு தொல்லை இல்லை. தூக்கும் சுமையிலிருந்து கழிக்கும்போது 40-க்குப் பதில் 85 என்று எழுதிக்கொள்ளுங்கள்.